சூடான சக்கரமும் பன்னிரண்டு நொடி ரீலும்

என் டீக்கடைக்கும் அருள் பிரேக் ஒர்க்ஸுக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு தகரம்தான். அதிலும் பாதி துருப்பிடித்து ஓட்டை. புருஷன் பெண்டாட்டி அந்தப் பக்கம் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் பால் பொங்குகிறதா என்று அடுப்போரம் நிற்கிறபோது தானாக வந்து காதில் விழுவதை என்ன செய்ய முடியும்? அதனால் இந்தக் கதையை என்னைவிட ஒழுங்காகச் சொல்ல ஆள் கிடையாது.

கடை காரவள்ளியில் இருக்கிறது. கொல்லிமலை ஏறுகிற வண்டிகள் எங்களைத் தாண்டித்தான் முதல் வளைவுக்குப் போகும். இறங்குகிற வண்டிகள் எழுபது வளைவும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து எங்கள் முன்னால்தான் மூச்சு விடும். டீ குடிக்க வண்டி நின்றதும் அருள்பிரகாஷ் போட்ட வேலையைப் போட்டபடி விட்டு எழுந்து வருவான். வணக்கம், வாங்க என்று ஒரு வார்த்தை கிடையாது. நேராகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மோந்து பார்ப்பான். நாலு சக்கரத்தையும் சுற்றி வந்து மோந்துவிட்டு, ஒன்றும் இல்லையென்றால் அப்படியே போய்விடுவான். பிரேக் கருகின வாசம் வந்தால் டிரைவர் கையிலிருந்து சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். சூடு ஆறும்வரை சாவி வராது. இதற்கு அவன் காசு வாங்குவதில்லை. அந்த நேரத்தில் வண்டியிலிருந்து இறங்கியவர்கள் என் கடையில் டீயும் போண்டாவும் சாப்பிடுவார்கள். ஆகவே அவன் மூக்கைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

அவன் பெண்டாட்டி அனுராதா ராசிபுரத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு பெரிய ஜவுளிக்கடையின் இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்துக்கொண்டவள். கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கெட்டிக்காரிகள் சும்மா இருக்கமாட்டார்கள்.

சேந்தமங்கலம் ரோட்டில் கண்ணாடி வைத்த புது ஒர்க்‌ஷாப் ஒன்று திறந்தார்கள். உட்காருவதற்கு ஏசி ரூம், குடிப்பதற்கு மிஷின் காபி. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. அருள்பிரகாஷுக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் அர்த்தநாரியின் வேன்கள்தான். அர்த்தநாரி நாமக்கல்காரர், சொந்தத் தோட்டம் துரவு உள்ள மனிதர், கூடவே டிராவல்ஸும் நடத்துகிறார். கிளிப்பச்சை நிறத்தில் மஞ்சள் பட்டை போட்ட வேன்கள். அரப்பளீஸ்வரர் கோயிலுக்கும் அருவிக்கும் குடும்பம் குடும்பமாக ஏற்றி வருவார். ஆடி மாதம் முழுக்க அந்தப் பச்சை வண்டிகள்தான் ரோட்டில் ஓடும். அவர் கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டால் இங்கே ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

"நம்ம இருக்கறதே நாலு பேருக்குத் தெரியாதுங்க்கா. ரீல்ஸ் போடோணும்" என்றாள் என்னிடம்.

"போடு கண்ணு. அவன் மூஞ்சியத்தான் கொஞ்சம் சிரிக்கச் சொல்லு" என்றேன்.

இந்த ரீல்ஸ் வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறதாம். நிறைய பேர் எந்த ஆடியோவைப் போட்டு வீடியோ எடுக்கிறார்களோ, அந்த ஆடியோவின் பெயருக்குப் பக்கத்தில் மேலே பார்த்தபடி ஒரு சின்ன அம்புக்குறி வரும். அது கிளம்புகிறபோதே நாமும் ஏறிக்கொள்ள வேண்டும். ஆனால் இவளுடையது வியாபாரக் கணக்கு. அதில் சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடைக்காது. குறுக்கு வழியில் போட்டாலும் உரிமைக்காரர்கள் புகார் கொடுத்தால் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். ஜவுளிக்கடையில் ஒரு தீபாவளி வீடியோவே அப்படி ஊமையாகிப் போய், அவள் முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். ஆகவே யாராவது சொந்தக் குரலில் பேசிப் போட்ட ஆடியோவாகப் பார்த்துத் தேடினாள்.

கிடைத்தது. எவனோ ஒருவன் வாயாலேயே பைக் உறுமல் போட்டு, மூன்று தடவை கைதட்டி, "வழி விடுடா" என்று அடித்தொண்டையில் கத்துகிறான். அந்தக் கைதட்டலுக்கு ஏற்ப மூன்று காட்சி மாற வேண்டும். கத்துகிற இடத்தில் ஆள் ஒரு தோரணையோடு வர வேண்டும். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்களாம்.

அருள்பிரகாஷுக்குப் பஸ் கண்டக்டர் ஒருவரிடம் கறுப்புக் கண்ணாடி கடன் வாங்கினார்கள். ஸ்பேனரைத் தோளில் சாய்த்துக்கொண்டு மெதுவாக நடந்து வரச் சொன்னாள். கண்ணாடி போட்டதும் கண் சரியாகத் தெரியாமல், ஆயில் டின்னை உதைத்துவிட்டு, அதைத் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி தோரணையைத் தொடர்ந்தான். பிறகு இரண்டாம் வளைவில் பைக்கைச் சாய்த்து ஓட்டச் சொல்லி எடுத்து வேகத்தைக் கூட்டினாள். அவன் நிஜத்தில் ஓட்டின வேகத்துக்கு என் கடை நாய் அவனை முந்தியிருக்கும்.

ரீல் பிய்த்துக்கொண்டு போயிற்று. அனுராதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பைக் பையன்கள் வர ஆரம்பித்தார்கள். சைலன்சரை வெட்டித் தருவீங்களா என்று ஒருவன் கேட்டான். பின் பிரேக்கை மட்டும் வழுக்குகிற மாதிரி வைத்துத் தர முடியுமா என்று இன்னொருவன் கேட்டான். இருபது வருஷமாக வண்டியை நிறுத்துவதற்கு மட்டுமே வேலை செய்த கைகள் அருள்பிரகாஷுடையவை. அவன் அந்தப் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்கொப்பன் நம்பர் குடு" என்றான். பையன் ஓடியே போனான். இவர்களில் ஒருவன்கூட டீ குடிக்கவில்லை என்பதையும் நான் குறித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அர்த்தநாரி நேரிலேயே வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அம்மிணி, அந்த வீடியோவப் பாத்தனுங்க. நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம வண்டில வாரவங்க கோயிலுக்குப் போற பொம்பளைங்க. 'இப்பிடி ரேஸ் உடறவங்கட்டத்தான் பிரேக் பாக்கறீங்களா'ன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றதுங்க?"

"அது சும்மா டிரெண்டுக்குப் போட்டதுங்கண்ணா. எடுத்தர்றனுங்க" என்றாள் அனுராதா. முகம் சுண்டிப் போயிருந்தது.

"எடுங்க. ஆடிக்கு எங்க வண்டிய உடறதுன்னு நான் யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அருள்பிரகாஷின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். அன்றைக்கு சர்வீசுக்கு வரவேண்டிய வண்டியும் வரவில்லை, அதற்கடுத்து வரவேண்டியதும் வரவில்லை.

அனுராதா அன்றைக்கே ரீலை எடுத்துவிட்டாள். பார்த்தவர்கள் கண்ணிலிருந்து எடுக்க முடியுமா? இருந்தாலும் அவள் விடவில்லை. அடுத்து, ஆள் நின்று விரலை நீட்ட, நீட்டின இடத்தில் எழுத்து வருகிற மாதிரி ஒரு ரீல். எழுத்தைப் பிறகுதான் போடுவார்கள், ஆகவே ஒன்றுமில்லாத காற்றைப் பார்த்து விரல் நீட்ட வேண்டும். அருள்பிரகாஷ் பேருந்து நிறுத்தம் எங்கே என்று கேட்டவனுக்கு வழி காட்டுகிற முகத்தோடு நீட்டினான். 'தரமான பிரேக் லைனிங்' என்ற எழுத்து அவன் அக்குளுக்குக் கீழே வந்து நின்றது. அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் ஒரு லிட்டர் பால் பொங்கி வீணாயிற்று. அந்த நஷ்டத்தை நான் யாரிடமும் கேட்கவில்லை.

"நீங்க சிரிக்காதீங்க்கா. எனக்கு வயிறு எரியுது" என்றாள் அனுராதா. கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. அப்போதுதான் எனக்கும் சுருக்கென்றது. கேலி செய்கிற வாய்க்கு எங்கே நிறுத்துவது என்று சில நேரம் தெரிவதில்லை.

"வா, டீ குடி. உங்க ஊட்டுக்காரனுக்கு என்ன வருமோ அதத்தான கண்ணு எடுக்கோணும். அவனுக்கு ஆட வருமா, பாட வருமா?"

"ஒன்னும் வராதுங்க்கா, அதான் பிரச்சனை" என்றாள்.

அவள் டீயை வைத்துக்கொண்டு ஃபோனில் ஒவ்வொரு வீடியோவாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பெண்குரல் திரும்பத் திரும்ப வந்தது. நீளமாக மூச்சை உள்ளே இழுக்கிறாள், ஒரு நொடி நிறுத்துகிறாள், பிறகு மெதுவாக, "ம்ம்... இதேதான்" என்கிறாள். அவ்வளவுதான் ஆடியோ. ஒருத்தி மல்லிகைப்பூவை மோந்து பார்க்கிறாள். ஒருவன் பிரியாணி அண்டாவைத் திறந்து மோந்து பார்க்கிறான். ஓர் அம்மா குழந்தையின் உச்சந்தலையை மோந்து பார்க்கிறாள். எல்லாவற்றுக்கும் அதே குரல்.

அனுராதா திடீரென்று ஃபோனை விட்டுவிட்டு வெளியே பார்த்தாள். மலையிலிருந்து இறங்கின ஒரு காருக்குப் பக்கத்தில் அருள்பிரகாஷ் குந்தியிருந்தான். கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, சக்கரத்தை மோந்துகொண்டிருந்தான். அவள் ஃபோனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். டீ ஆறிப் போனது.

"அக்கா, இது தினமும் பண்றாருங்களா?" என்று கேட்டாள், ஏதோ முந்தாநாள்தான் அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் மாதிரி.

அடுத்த நாள் அவனைத் தயார் செய்தாள். விஷயத்தைச் சொல்லிவிட்டதுதான் தப்பு. அவன் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். காலையிலிருந்து ஓடாத ஒரு ஜீப்பின் சக்கரத்துக்கு முன்னால் குந்தி, மூச்சை இழுத்தான். சந்நிதியில் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றுகிற முகம். "கொஞ்சம் சாதாரணமா இருங்க" என்றாள். அவன் சாதாரணமாக இருக்க முயற்சி செய்தான். அதைப் பார்ப்பதற்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

"வாசமே இல்லாத சக்கரத்த மோந்தா மூஞ்சி எப்பிடி மாறும்?" என்று அவனே கேட்டான். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

"சரிங்க. நீங்க ஒன்னும் பண்ண வேண்டாம். உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஃபோனோடு என் கடைக்குள் வந்து போண்டா தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். நிஜமாகவே சூடான வண்டி வருகிறவரை காத்திருக்கப் போகிறாளாம். "ரொம்ப நாள் காத்திருக்க முடியாதுங்க்கா. இந்த ஆடியோ இன்னும் நாலஞ்சு நாளைக்குத்தான் ஓடும். நகைக்கடையும் பேங்கும் போட ஆரம்பிச்சுட்டா முடிஞ்சுது. அப்புறம் போட்டா கல்யாணம் முடிஞ்சு பந்தல் பிரிக்கறப்ப மொய் வெக்கப் போன மாதிரி இருக்கும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது அந்த வண்டி. வாசம் முதலில் வந்தது, வண்டி பிறகு வந்தது என்று சொன்னாலும் தப்பில்லை. உள்ளே பெண்கள் நிறைய பேர். நெற்றியில் விபூதி, மடியில் பலாச்சுளைப் பொட்டலம். வண்டி நின்றதும் அருள்பிரகாஷ் எழுந்து வந்து குந்தினான். முன் சக்கரத்தை மோந்தான். அவன் மூக்கு சுருங்கிற்று, புருவம் ஏறிற்று, அப்படியே ஒரு நொடி அசையாமல் இருந்தான். ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டான். எழுந்து டிரைவர் ஜன்னலுக்குள் கையை நீட்டினான். டிரைவர் மறுபேச்சில்லாமல் சாவியைக் கையில் வைத்தான். சாவி சட்டைப் பைக்குள் போயிற்று. ஒரு கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அடை கொடுத்துவிட்டு, "எல்லாரும் எறங்கி டீ குடிங்க. இது ஆற நேரமாகும்" என்றான்.

"ஏந் தம்பி, அது சக்கரமா சாம்பாரா? மோந்து பாத்தே உப்பு ஒறப்பு சொல்லுவியாட்ட இருக்குது" என்று இங்கிருந்து நான் கத்தினேன். பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அது முழுவதும் ஃபோனில் பதிவாயிற்று. என் குரல் உட்பட.

அனுராதா அங்கேயே உட்கார்ந்து வெட்டி ஒட்டினாள். பன்னிரண்டு நொடி. அவன் மூச்சு இழுக்கிற இடமும் அந்தப் பெண்குரல் மூச்சு இழுக்கிற இடமும் ஒன்றாக விழுந்தது. அவன் அசையாமல் இருக்கிற ஒரு நொடி. அவன் தலையாட்டுகிறபோது, "ம்ம்... இதேதான்." பிறகு சாவி பைக்குள் போகிறது. அவ்வளவு பொருத்தம். அந்தக் குரல்காரி இவனைப் பார்த்துவிட்டுத்தான் பேசியிருப்பாளோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் இறக்கி, அடியில் பெண்களின் சிரிப்பும் என் சாம்பாரும் கேட்கிற மாதிரி வைத்தாள். முகத்தில் விளக்கு ஏற்றின மாதிரி ஒரு வெளிச்சம். கல்யாணமாகி வந்த நாளில்கூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

கை துடைத்துக்கொண்டே வந்த அருள்பிரகாஷிடம் காட்டினாள். அவன் பார்த்தான். சிரித்தான். நிஜமாகவே பல் தெரியச் சிரித்தான். பிறகு இரண்டாவது தடவை பார்க்கிறபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"இதப் போடாத" என்றான்.

"ஏனுங்க?"

"வண்டியப் பாரு."

கிளிப்பச்சை. மஞ்சள் பட்டை. பக்கவாட்டில் முழ உயர எழுத்தில் அர்த்தநாரி டிராவல்ஸ். நாங்கள் எல்லோரும் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் வண்டியின் பெயரை யாரும் கவனிக்கவில்லை.

"பேர மறைச்சுடறனுங்க" என்றாள்.

"நாமக்கல் ஜில்லாவுல பச்சைல மஞ்சப் பட்டை போட்ட வேன் வேற யாரு வெச்சிருக்கறா? மறைச்சா இன்னும் அசிங்கம். ஒருத்தர் வண்டி பிரேக் கருகி வந்து நிக்குது. அதப் புடிச்சு ஊருக்குக் காட்டி நாம பேரு வாங்கறதா?"

"அவரா நம்மள உட்டுட்டுப் போகப் பாக்கறாருங்க. நாம எதுக்கு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

நான் நடுவில் புகுந்தேன். "போடு கண்ணு. அவரு மட்டும் நம்மளப் பாத்தாரா?" என்றேன். அருள்பிரகாஷ் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் போய் டம்ளர் கழுவ ஆரம்பித்தேன்.

அதற்குள் டிரைவர் மாதேஸ்வரன் வந்து நின்றான். அவன் முகத்தில் பயம் அப்படியே இருந்தது. "அம்பதாவது வளைவுக்கு மேல பெடலு அமுங்க ஆரம்பிச்சுருச்சுங்கண்ணா. ஃபர்ஸ்ட் கியர்லதான் கொண்டாந்தேன். போன மாசமே பிரேக் பேடு மாத்தோணும்னு மொதலாளிட்டச் சொன்னனுங்க. எந்த ஒர்க்‌ஷாப்புன்னு முடிவு பண்ணலன்னாரு. இப்ப எந்தலையில பழியப் போட்டு வேலைய உட்டு நிறுத்திருவாரோன்னு பயமா இருக்குதுங்க" என்றான்.

அனுராதா என் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எந்த ஒர்க்‌ஷாப் என்று அர்த்தநாரி முடிவு பண்ணாமல் இருந்ததற்குக் காரணம் அந்தக் கறுப்புக் கண்ணாடி ரீல். இத்தனை பெண்களும் அந்தப் பிரேக்கை நம்பி எழுபது வளைவு இறங்கி வந்திருக்கிறார்கள். அவள் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பலாச்சுளை தின்றுகொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ரீலை எங்கேயும் போடவில்லை. ஆடியோ எதுவும் இல்லாமல் எடுத்தது எடுத்தபடி அர்த்தநாரிக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி: 'வண்டி நம்மகிட்ட நிக்குதுங்கண்ணா. சாவி அவர்கிட்ட இருக்குது. நீங்க வந்தா நல்லதுங்க.'

நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அவர்தான் வந்தார், புழுதி கிளப்பிக்கொண்டு.

காரை விட்டு இறங்கினவர் முதலில் பெண்களிடம்தான் போனார். எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டார். பிறகு சக்கரத்துக்கு வந்தார். சூடு ஆறி, அருள்பிரகாஷ் அதைக் கழற்றி வைத்திருந்தான். பேடை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். லைனிங் காகிதமாகத் தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இரும்பும் இரும்பும் உரசியிருக்கும். "பிரேக் ஆயிலும் கொதிச்சிருக்குதுங்க. அதையும் மாத்தோணும்" என்றான். கண்ணாடிக் கடையைப் பற்றியோ, வராமல் போன சர்வீசைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. நானாக இருந்தால் பேசியிருப்பேன்.

அர்த்தநாரி பேடை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அனுராதா பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, அந்த வீடியோவ நெட்டுல போட்டுட்டீங்களா?"

"இல்லீங்கண்ணா. ஆடியோவெல்லாம் சேத்து வெச்சனுங்க. அவரு வேண்டாம்னுட்டாரு. உங்க வண்டிங்கல்ல, நீங்க சொல்லாம எப்பிடிங்க போடறது."

"எங்க, சேத்ததக் காட்டுங்க."

அவள் தயங்கித் தயங்கிக் காட்டினாள். நீளமான மூச்சு. "ம்ம்... இதேதான்." அவர் முகத்தில் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அதற்குள் பக்கத்தில் ஒரு பெரியம்மா வந்து எட்டிப் பார்த்தார். பாப்பாத்தி என்று பெயர். ராசிபுரத்தில் மகளிர் குழுத் தலைவி. மாதாமாதம் கோயிலுக்கு வண்டி பிடிக்கிறவர் அவர்தான். குழுவில் முப்பது பேர் என்றால் அந்த முப்பது பேருக்கும் சேர்த்து அவருக்குத்தான் வாய்.

"இன்னொருக்காப் போடு சாமி" என்றார். பார்த்தார். பிறகு மற்ற பெண்களையும் கூப்பிட்டார். எல்லோரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். அவர்கள் சிரித்தது சாவி பைக்குள் போகிற இடத்தில்.

பாப்பாத்தி நிமிர்ந்து அர்த்தநாரியைப் பார்த்தார். "ஏனுங்க, போன மாசம் நம்ம புள்ளைங்க ஒரு வீடியோ காட்டுச்சுங்கல்ல, ரேஸ் உடறதுன்னு. அது இந்தத் தம்பிதானுங்களா?"

"ஆமாங்க" என்றார் அவர்.

"அது வேற ஆளாட்ட இருந்துச்சு. இதுதான் இவரு. இதப் போடச் சொல்லுங்க. நாங்க ஒருத்தரும் டிரைவரப் பாத்து நம்பி ஏறலீங்க. உங்க பேரப் பாத்து ஏறறோம். உங்க வண்டிய இப்பிடி ஒருத்தரு கீழ நின்னு மோந்து பாக்கறாருன்னு தெரிஞ்சா இன்னும் பத்துப் பேரு தைரியமா ஏறுவாங்க. மோந்து பாக்காத வண்டில இனி எங்க குழு ஏறாதுங்க."

அர்த்தநாரி பேடைக் காகிதத்தில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். புதுப் பேடும் ஆயிலும் மாற்றி முடிகிறவரை என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போகிறபோது அனுராதாவிடம், "போடுங்க அம்மிணி. பேர மறைக்க வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். ஆடிக்கு வண்டி எங்கே வரும் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் போட்டாள். அதற்குள் ஒரு பல்பொடிக் கம்பெனி அந்த ஆடியோவைப் போட்டுவிட்டது. கண்ணாடிக் கடையிலும் போட்டிருந்தார்கள். டை கட்டின ஒரு மேனேஜர், கார் சென்ட் பாட்டிலை மூக்கில் வைத்து, கேமராவைப் பார்த்துக்கொண்டே மூச்சு இழுக்கிறார். பாவம், அவரையும் யாரோ நிற்க வைத்து எடுத்திருக்கிறார்கள். அனுராதா அதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் ரீலில் ஆடியோவை இன்னும் இறக்கி எங்கள் சத்தத்தைக் கூட்டினாள். கீழே இரண்டு வரி எழுதினாள்: 'மலை இறங்கினதும் நிறுத்துங்க. மோந்து பார்க்க காசு இல்லை.'

கறுப்புக் கண்ணாடி ரீலைப் பார்த்த கூட்டத்தில் கால்வாசிகூட இதைப் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள், சேமித்து வைக்கிறார்கள் என்று அனுராதா கணக்கு காட்டினாள். மச்சானுக்கு அனுப்புகிறார்கள், மலைக்குக் கிளம்புகிற மருமகனுக்கு அனுப்புகிறார்கள். புதன்கிழமை ஒரு கார் வந்து நின்றது. ஓட்டினவர் இறங்குவதற்கு முன்னாலேயே பக்கத்தில் இருந்த அவர் சம்சாரம் ஜன்னல் வழியாக, "மோந்து பாக்கறது இங்கதானுங்களா?" என்று கேட்டார். டீ குடித்தார்கள், இரண்டு பேரும், ஆளுக்கு இரண்டு போண்டாவோடு.

இவ்வளவு நடந்தும் அனுராதாவுக்கு நிம்மதி இல்லை. ஆடி பிறக்கப் போகிறது, பச்சை வண்டி ஒன்றும் வரவில்லை, ஃபோனும் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் அவள் என் கடையில் உட்கார்ந்து ரீலுக்குக் கீழே வந்திருந்தவற்றைப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள். பிறகு சத்தமாகப் படித்தாள். ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த புருஷனுக்குக் கேட்க வேண்டும் என்று படித்தாள். ஆனால் பாதியில் என்னிடம் நீட்டிவிட்டாள். மீதியை நான்தான் ஃபோனை வாங்கிப் படித்தேன்.

அர்த்தநாரி எழுதியிருந்தார், ஊர் உலகம் எல்லாம் பார்க்கிற இடத்தில், தன் சொந்தப் பெயரில்: 'இது என் வண்டி. பேடு மாற்றாமல் விட்டது என் தப்பு, டிரைவர் தப்பு இல்லை. அந்தச் சாவியை வாங்கி வைத்தவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆடி மாதம் எங்கள் எல்லா வண்டியும் ஏறும் முன்னாலும் இறங்கிய பின்னாலும் காரவள்ளியில் இவர் கடையில் நிற்கும்.'

அனுராதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, கேட்டுச்சுங்களா?" என்றாள்.

"கேட்டுச்சு" என்றான் அருள்பிரகாஷ். "மாதேஸ்வரன் வேலை பொழச்சுது. அவனுக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லு அனு, பயந்துட்டு இருப்பான்."